நிஃப்டி 158 புள்ளி ஏறியது, என் கால் ஆப்ஷன் 82 ரூபாயிலிருந்து 18க்கு இறங்கியது

நிஃப்டியின் வார ஆப்ஷன்கள் முடியும் நாளான எக்ஸ்பயரி வியாழனிலிருந்து செவ்வாய்க்கு மாறிய 2025 செப்டம்பருக்குப் பிறகு நான் செய்த ஒரு வர்த்தகம் இது. லாட் அளவு அப்போது 75. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களைக் கொஞ்சம் ரவுண்டு செய்திருக்கிறேன், மற்றபடி நடந்தது நடந்தபடியே.

ஆறு நாளாக நிஃப்டி 24,850க்கும் 25,000க்கும் நடுவிலேயே ஓடிக்கொண்டிருந்தது. 25,000ஐ மூன்று முறை தொட்டுத் திரும்பியிருந்தது. ஒவ்வொரு முறையும் அது இறங்கும் அளவு குறைந்துகொண்டே வந்தது. சார்ட் பார்க்கத் தெரிந்த யாருக்கும் மேல்பக்கம் உடையும் என்றுதான் தோன்றும். பெட்டியின் உயரம் 150 புள்ளி, அதனால் உடைந்தால் இலக்கு 25,150. வியாழன் காலை 11 மணிக்கு இன்டெக்ஸ் 24,960இல் இருந்தபோது, அடுத்த செவ்வாயில் முடியும் 25,100 கால் ஆப்ஷனை, அதாவது அந்த விலையில் வாங்கும் உரிமையை, 82 ரூபாய்க்கு இரண்டு லாட் வாங்கினேன். 150 யூனிட், 12,300 ரூபாய். உடைந்த பிறகு வாங்கினால் விலை கூடிவிடும், முன்னாலேயே வாங்கிவிடுவோம் என்பது என் எண்ணம்.

வியாழன் சந்தை முடியும்போது நிஃப்டி 24,970. பத்துப் புள்ளி எனக்குச் சாதகமாகத்தான் போயிருந்தது. பிரீமியம், அதாவது என் ஆப்ஷனின் விலை, 71. வெள்ளி முடிவில் 24,985, பிரீமியம் 55. திங்கள் காலை பெரிய மாற்றமில்லாமல் திறந்தது, பிரீமியம் 51. திங்கள் மாலை நிஃப்டி 25,010ஐத் தொட்டு நின்றது, பிரீமியம் 31. வாங்கிய விலையிலிருந்து இன்டெக்ஸ் 50 புள்ளி ஏறியிருந்தது, என் பணத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது. ஒரு நாள்கூட சந்தை எனக்கு எதிராக முடியவில்லை. எதிராகப் போயிருந்தால் ஸ்டாப்லாஸ் அடித்து வெளியே வந்திருப்பேன். நான் போட்டிருந்த ஸ்டாப்லாஸ் 24,900 என்ற இன்டெக்ஸ் அளவில் இருந்தது. அந்தப் பக்கமே விலை வரவில்லை.

செவ்வாய் காலை பதினொன்றரை மணிக்கு நான் ஐந்து நாளாகக் காத்திருந்த அந்த மெழுகுவர்த்தி சார்ட்டில் வந்தது. 25,000ஐ நல்ல வால்யூமுடன் தெளிவாகத் தாண்டி 25,020. மதியம் ஒன்றரைக்கு 25,090. என் பிரீமியத்தைப் பார்த்தேன், 32. திங்கள் மாலையிலிருந்து 80 புள்ளி ஏறியும் ஒரே ஒரு ரூபாய் கூடியிருந்தது. மூன்றரைக்கு எக்ஸ்பயரி 25,118இல் செட்டில் ஆனது. என் ஸ்ட்ரைக்கான 25,100ஐத் தாண்டி 18 புள்ளி, அதனால் யூனிட்டுக்கு 18 ரூபாய். 12,300 போட்டு 2,700 திரும்ப வந்தது, 9,600 நஷ்டம். செட்டில்மென்ட் கடைசியாக ஓடிய விலையில் நடப்பதில்லை, கடைசி அரைமணி நேரச் சராசரியில் நடக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கடைசி ஐந்து நிமிடத் துள்ளலை நம்பி உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது பெரிதாக உதவாது.

இந்த வர்த்தகத்தின் நடுவில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஆப்ஷன் விற்பதையே தொழிலாகச் செய்யும் ஒரு அண்ணனுக்குப் போன் செய்திருந்தேன். சார்ட்டை அனுப்பினேன். பார்த்துவிட்டு, "மேல போகும்னுதான் எனக்கும் தெரியுது தம்பி. எப்பப் போகும்?" என்றார். "அடுத்த வாரத்துக்குள்ள போயிடும்ண்ணே" என்றேன். "உன் கால் அடுத்த வாரம் எந்தக் கிழமை வரைக்கும் இருக்கு?" என்று கேட்டார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் அது அன்றைக்குப் புரியவில்லை. திசையைப் பற்றி நான் ஒரு வாரம் யோசித்திருந்தேன். நேரத்தைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

செவ்வாய் இரவு ஆப்ஷன் கால்குலேட்டரைத் திறந்து உட்கார்ந்தேன். ஐவியை, அதாவது ஆப்ஷன் விலையில் அடங்கிய எதிர்பார்ப்பு ஏற்ற இறக்கத்தை, 11 சதவீதத்தை ஒட்டியே வைத்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வியை மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன். நிஃப்டி 25,090ஐத் தொடுகிறது. அது நான் வாங்கிய வியாழக்கிழமையே, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் நடந்திருந்தால் என் கால் சுமார் 135 ரூபாய். திங்கள் நண்பகலில் நடந்திருந்தால் 81, அதாவது போட்ட காசு அப்படியே. செவ்வாய் மதியம் ஒன்றரைக்கு நடந்ததால் 32. அதே 130 புள்ளி ஏற்றம், அதே ஸ்ட்ரைக், அதே திசை. ஒன்று ஐம்பது ரூபாய் லாபம், ஒன்று ஒன்றுமில்லை, ஒன்று ஐம்பது ரூபாய் நஷ்டம். இந்த மூன்று எண்களைப் பார்த்த பிறகுதான் ஒரு நாள் கழிந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு கரையும் என்று சொல்லும் தீட்டா எனக்கு ஆப்ஷன் செயினில் ஓரத்தில் இருக்கும் ஒரு மைனஸ் எண்ணாக இல்லாமல் போனது.

அந்த 82 ரூபாயில் என்ன இருந்தது? நிஃப்டி 24,960இல் இருக்கும்போது 25,100இல் வாங்கும் உரிமைக்கு உள்மதிப்பு பூஜ்யம். 82 ரூபாயும் கால மதிப்பு. செவ்வாய்க்குள் நிஃப்டி எவ்வளவு தூரம் போக வாய்ப்பிருக்கிறது என்பதற்கான விலை அது. போகக்கூடிய தூரம், மிச்சமிருக்கும் நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப மாறும். நான்கு நாள் பாக்கி இருக்கும்போது உள்ள தூரத்தில் பாதி, ஒரு நாள் பாக்கி இருக்கும்போதும் இருக்கிறது. அதனால் நடப்பு விலைக்கு அருகில் உள்ள ஸ்ட்ரைக்கில் கால மதிப்பின் முதல் பாதி கரைய மூன்று நாள் ஆகும், மறுபாதி ஒரே நாளில் கரைந்துவிடும். கரைவு கடைசியில் வேகம் எடுப்பதற்குக் காரணம் இதுதான். ரொம்பத் தள்ளியிருக்கும் ஸ்ட்ரைக்குகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே பிரீமியம் முன்னாலேயே செத்துவிடும், கடைசி நாளில் கரைவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

நான் வாங்கும்போது திரையில் தீட்டா மைனஸ் 12 என்று காட்டியது, டெல்டா 0.36, அதாவது நிஃப்டி ஒரு புள்ளி ஏறினால் என் கால் சுமார் 36 பைசா ஏறும். பல திரைகளில் அந்த 12 காலண்டர் நாளுக்கான கணக்கு. சனி ஞாயிறையும் சேர்த்து வகுத்தது. சந்தை அப்படிக் கரைப்பதில்லை. வாரக்கடைசியில் எதுவும் நகராது என்று விற்பவர்களுக்குத் தெரியும், அதனால் அந்த இரண்டு நாள் கரைவில் பெரும்பகுதியை வெள்ளிக்கிழமையே விலையில் இழுத்துவிடுவார்கள். திங்கள் காலை வெறும் நான்கு ரூபாய்தான் குறைந்திருந்தது, வெள்ளிக்கிழமை 16 குறைந்திருந்தது என்பதைக் கவனியுங்கள். வர்த்தக நாளாகப் பார்த்தால் என் கால் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 16 ரூபாய் கரைந்தது. செவ்வாய் எக்ஸ்பயரிக்கு வியாழன், வெள்ளியில் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கணக்கில் வைக்க வேண்டும்.

இப்போது நான் எந்த ஆப்ஷன் வாங்கும் முன்னும் செய்யும் முதல் கணக்கு இதிலிருந்து வந்தது. தீட்டாவை டெல்டாவால் வகுக்கிறேன். 16ஐ 0.36ஆல் வகுத்தால் ஏறக்குறைய 45. அதாவது நிஃப்டி ஒரு நாளைக்கு 45 புள்ளி ஏறினால்தான் என் பிரீமியம் இருந்த இடத்திலேயே நிற்கும். நான் வாங்கிய பிறகு அது ஏறியது முதல் நாள் 10, அடுத்த நாள் 15, அதற்கடுத்து 25. திங்கள் நண்பகலில் அதே கணக்கைப் போட்டால் தேவை 80 புள்ளியாகிவிட்டது. செவ்வாய் காலையில் 95. எனக்கு வேண்டிய வேகம் ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டே போனது, நான் அதே இடத்தில் உட்கார்ந்து பொறுமை காட்டிக்கொண்டிருந்தேன். பங்கு வாங்கிப் பழகியவர்களுக்குப் பொறுமை நல்ல குணம். குறுகிய நாள் ஆப்ஷனில் ஒவ்வொரு மணி நேரப் பொறுமைக்கும் ரூபாய்க் கணக்கில் விலை உண்டு. என் இரண்டு லாட்டுக்கு அது ஒரு வர்த்தக மணிக்கு 380 ரூபாய்க்கு மேல்.

இரண்டாவது கணக்கு இன்னும் எளிது. அதைச் செய்யாமல் விட்டதற்காகத்தான் எனக்கு ரொம்ப வருத்தம். என் இலக்கு 25,150. எக்ஸ்பயரியில் எனக்கு நஷ்டமில்லாமல் இருக்க நிஃப்டி 25,182இல் இருக்க வேண்டும், ஸ்ட்ரைக்குடன் 82ஐக் கூட்டினால் அதுதான் வரும். அதாவது என் சார்ட் சொன்னது நூற்றுக்கு நூறு நடந்து, செவ்வாய் முடிவில் இலக்கை அச்சுப் பிசகாமல் தொட்டிருந்தாலும் எனக்கு நஷ்டம். வாங்கும்போதே இந்த ஒரு கூட்டலைப் போட்டிருந்தால் இந்த ஸ்ட்ரைக்கை வாங்கியிருக்கவே மாட்டேன், இல்லை, எந்த நேரத்துக்குள் இலக்கு வர வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும். கால்குலேட்டரில் 25,150ஐ வைத்து நேரத்தை நகர்த்திப் பார்த்தேன். திங்கள் நண்பகலில் 114, திங்கள் முடிவில் 97, செவ்வாய் காலை பதினொன்றரைக்கு 84, ஒன்றரைக்கு 67. ஆக, என் வர்த்தகத்துக்கு உண்மையான கெடு செவ்வாய் காலை பதினொன்றரை. பிரேக்அவுட் தொடங்கியதே அந்த நிமிடத்தில்தான். என்னைப் பொறுத்தவரை அது வரும்போதே முடிந்துபோயிருந்தது. எனக்கு அது தெரியாததால் மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தை எவ்வளவு நகர்வுக்கு விலை வைத்திருக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்க்க முடியும். சந்தை எதிர்பார்க்கும் ஏற்ற இறக்கத்தை வருடக் கணக்கில் காட்டும் இந்தியா விக்ஸை 16ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு எதிர்பார்க்கப்படும் நகர்வு சதவீதத்தில் வரும். வருடத்தில் சுமார் 252 வர்த்தக நாள், அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 16, கணக்கு அவ்வளவுதான். விக்ஸ் 11 என்றால் சுமார் 0.69 சதவீதம், 25,000இல் 170 புள்ளிக்கு மேல். ஒரு நாளைக்கு 170 நகரக்கூடிய சந்தைக்கான விலையை நான் கொடுத்தேன், எனக்குக் கிடைத்தது ஒரு நாளைக்கு 10, 15, 25 நகர்ந்த சந்தை. அந்த வித்தியாசம்தான் விற்றவருக்குப் போனது.

ஐவி பற்றி ஒன்று. நிஃப்டி மேலே உடையும்போது பெரும்பாலும் விக்ஸ் இறங்கும். பயத்தில், சந்தை இறங்கினால் லாபம் தரும் புட்டை வாங்கியவர்கள் விலகுவார்கள், ஐவி தளரும், கால் வாங்கியவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு இழுப்பு வரும். கீழே உடையும்போது இதற்கு நேர்மாறாக ஐவி எகிறி, புட் வாங்கியவருக்குக் கைகொடுக்கும். ஆகவே மேல்பக்கப் பிரேக்அவுட்டுக்குக் கால் வாங்குபவருக்கு வேகம் இன்னும் ஒரு படி அதிகம் தேவை. புட்டில் பார்த்த லாபத்தை மனதில் வைத்துக்கொண்டு காலில் அதே துள்ளலை எதிர்பார்த்து ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் என்ன வாங்கியிருக்க வேண்டும்? அன்று வியாழக்கிழமை, அதே 25,100 ஸ்ட்ரைக், அதற்கடுத்த வார எக்ஸ்பயரியில் சுமார் 160 ரூபாய். ஒரு லாட் 12,000. நான் போட்ட பணத்துக்கு இரண்டு லாட்டுக்குப் பதில் ஒரு லாட் வந்திருக்கும். அதன் கரைவு வர்த்தக நாளுக்கு 11 ரூபாயை ஒட்டி, டெல்டா 0.43, ஆக ஒரு நாளைக்கு 26 புள்ளி ஏறினால் போதும். செவ்வாய் ஒன்றரை மணிக்கு, நிஃப்டி 25,090இல் இருந்தபோது, அந்தக் காலின் விலை கிட்டத்தட்ட நான் வாங்கியிருக்கக்கூடிய அதே 160தான். ஐந்து நாள் தாமதம் என்னை எதுவும் செய்திருக்காது. மேலே போக இன்னும் ஒரு வாரமும் கையில் இருந்திருக்கும்.

இதில் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. வியாழக்கிழமையே ஒரு மணி நேரத்தில் 25,090 வந்திருந்தால் அடுத்த வாரக் கால் ஒரு லாட்டில் சுமார் 4,600 ரூபாய் தந்திருக்கும், நான் வாங்கிய இந்த வாரக் கால் இரண்டு லாட்டில் 7,950 தந்திருக்கும். வேகமாக நடந்தால் குறுகிய நாள் ஆப்ஷன்தான் அதிகம் தரும், அதில் சந்தேகமில்லை. அந்தக் கூடுதல் லாபத்துக்காக நாம் கொடுப்பது நேரத்தை. ஆறு நாளாக நகராமல் கிடக்கும் சந்தையில், இன்னும் உடையாத ஒரு அளவுக்கு முன்னால் நின்றுகொண்டு, அடுத்த ஒரு மணி நேரத்தில் உடையும் என்று சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. உடையும் என்று சொல்லத்தான் ஆதாரம் இருந்தது. அந்த நிலையில் எனக்குப் பொருத்தமானது அடுத்த வார ஆப்ஷன், அல்லது எதுவும் வாங்காமல் காத்திருப்பது.

காத்திருந்து, உடைந்த பிறகு, எக்ஸ்பயரி நாளிலேயே வாங்கியிருந்தால்? அதையும் போட்டுப் பார்த்தேன், இங்கே ஸ்ட்ரைக்கின் பங்கு தெரிந்தது. செவ்வாய் பதினொன்றரைக்கு, நிஃப்டி 25,020இல், 25,100 கால் 25 ரூபாய். பார்க்க மலிவு. ஒன்றரைக்கு 70 புள்ளி ஏறிய பின் அது 32. ஏழு ரூபாய்தான் கூடியது. அதே நேரத்தில் 25,000 கால் 66 ரூபாயிலிருந்து 98க்குப் போயிருந்தது, 32 ரூபாய் ஏற்றம். நடப்பு விலைக்குக் கீழே, அதாவது ஏற்கெனவே பணத்துக்குள் இருக்கும் ஸ்ட்ரைக்கில் டெல்டா பெரிது, ஏற ஏற உள்மதிப்பாக மாறி நிற்கும், நேரத்தால் அதைத் தொட முடியாது. எக்ஸ்பயரி நாள் பிரேக்அவுட்டில் விலை குறைவாக இருக்கிறது என்று மேலே உள்ள ஸ்ட்ரைக்கை வாங்கும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். பணம் குறைவாக இருந்தால் லாட்டைக் குறைக்கிறேன், ஸ்ட்ரைக்கைத் தள்ளுவதில்லை.

இப்போது என் நோட்டில் ஒவ்வொரு வாங்குதலுக்கும் இரண்டு ஸ்டாப்லாஸ் எழுதுகிறேன், ஒன்று விலைக்கு, ஒன்று கடிகாரத்துக்கு. விலைக்கான ஸ்டாப் எல்லோருக்கும் தெரிந்தது. கடிகாரத்துக்கானதை நான் வைக்கும் முறை இது. உடைந்த பிறகுதான் நுழைகிறேன். நுழைந்ததிலிருந்து 40 நிமிடம், அதாவது எட்டு ஐந்து நிமிட மெழுகுவர்த்தி. அதற்குள் இன்டெக்ஸ் என் பக்கம் குறைந்தது 30 புள்ளி நகர்ந்திருக்க வேண்டும். நகரவில்லை என்றால், நஷ்டமோ லாபமோ, வெளியே. உடைந்த அளவுக்கு மேலேயே விலை நின்றுகொண்டிருந்தாலும் வெளியே. முதல் சில வாரங்கள் இது மிகக் கஷ்டமாக இருந்தது. கருத்து தவறு என்று சந்தை சொல்லாதபோது விற்பதற்குக் கை வராது. ஆனால் வேகமில்லாத பிரேக்அவுட்டில் என்ன நடக்கிறது என்பதை அந்த ஐந்து நாளும் எனக்கு ஏற்கெனவே காட்டியிருந்தன. உடைந்த இடத்திலேயே மெழுகுவர்த்திகள் சின்னச் சின்னதாக ஒட்டி நிற்பதும், இன்டெக்ஸ் பத்துப் புள்ளி ஏறியும் பிரீமியம் முந்தைய உச்சத்தைத் தொடாததும்தான் அடையாளங்கள். இரண்டாவதை நான் தனியாகக் கவனிக்கிறேன். இன்டெக்ஸ் புதிய உச்சம், பிரீமியம் பழைய உச்சத்துக்குக் கீழே என்றால், ஏறும் வேகத்தை விடக் கரையும் வேகம் கூடிவிட்டது என்று பொருள்.

40 நிமிடமும் 30 புள்ளியும் வேத வாக்கு இல்லை. விக்ஸ் 11இல் எனக்குச் சரியாக வந்த அளவு அவை. விக்ஸ் 18இல் இருக்கும்போது பிரீமியமும் பெரிது, கரைவும் பெரிது, அங்கே 30 புள்ளி ஒன்றுமே இல்லை, 50ஆவது வேண்டும். தீட்டாவை டெல்டாவால் வகுக்கும் கணக்கை அன்றைக்கு அன்றைக்குப் போட்டால் எண் தானாகவே மாறிவிடும்.

சில வாரம் கழித்து இதே மாதிரி ஒரு பெட்டி அமைந்தது. எக்ஸ்பயரிக்கு இரண்டு நாள் இருந்தது. உடைந்த பிறகு, பணத்துக்குள் இருந்த காலை 96 ரூபாய்க்கு ஒரே ஒரு லாட் வாங்கி, நோட்டில் "11.05" என்று கெடு எழுதினேன். 11.05க்கு இன்டெக்ஸ் 12 புள்ளி மட்டுமே ஏறியிருந்தது, பிரீமியம் 91. விற்றேன், 375 ரூபாய் நஷ்டம். மறுநாள் காலை சந்தை நான் நினைத்த பக்கமே ஏறியது. அந்தக் காலின் விலையைத் திரையில் பார்த்து, நோட்டில் அதே வரிக்குப் பக்கத்தில் எழுதி வைத்தேன். 94.